லைனுக்குச் சூப்பர்வைசர்: உள்ளாளா, வெளியாளா?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் லைனின் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. ஆபீஸ் ரூமில் இரண்டு யோசனைகள் வரும். "நம்ம லைன்லயே நல்லாத் தைக்கிறவங்களைப் போட்டுடலாம்" என்பார் ஒருவர். "வேற கம்பெனியில இருந்து விவரமான ஆளாக் கூட்டிட்டு வாங்க" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் அன்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிடும். இரண்டு பேரும் ஆளைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, அந்த லைனுக்கு இப்போது என்ன குறை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குறை என்ன என்று தெரிய, சூப்பர்வைசர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் தைப்பதில்லை. காலையில் இரண்டு ஓவர்லாக் டெய்லர்கள் வரவில்லை என்றால் யாரை எந்த மெஷினுக்கு மாற்றுவது என்று முடிவெடுக்கிறார். கழுத்துப்பட்டி வைக்கும் இடத்தில் பண்டில் குவிகிறதா, அதற்கு அடுத்த மெஷின் பீஸ் இல்லாமல் சும்மா நிற்கிறதா என்று கவனிக்கிறார். செக்கிங்கிலிருந்து ஆல்டருக்குத் திரும்பி வரும் பீஸ் எந்த மெஷினில் கெட்டது என்று பிடிக்கிறார். பக்கத்து லைனில் ஆள் கடன் கேட்கிறார், நாளைக்கு அவர் கேட்டால் கொடுக்கிறார்.

வேகமாகத் தைக்கும் கைக்கும் இந்த வேலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்து வந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேலாளர் பதவி எளிதாகக் கிடைத்தது. ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்களின் விற்பனை குறைந்தது. சக ஊழியர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்களே மேலாளர்களாகச் சிறப்பாகச் செயல்பட்டார்கள். தையல் லைனும் விற்பனைத் துறையும் வேறுதான். இருந்தாலும் பாடம் பொருந்துகிறது: பக்கத்து மெஷின்காரிக்கு நூல் கோத்துக் கொடுத்து, புதிதாக வந்த பெண்ணுக்குத் துணி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் யார் என்று பாருங்கள். டார்கெட் போர்டில் முதலில் இருப்பவர் அவராக இல்லாமல் இருக்கலாம்.

அப்படியானால் வெளியாள்? அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் 2003 முதல் 2009 வரையிலான பணியாளர் பதிவுகளை மேத்யூ பிட்வெல் என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். ஒரே பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள், உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிட ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல் சம்பளம் வாங்கினார்கள். படிப்பும் அனுபவமும் அவர்களுக்கே அதிகம். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகள் அவர்கள் வேலைக்குக் கிடைத்த மதிப்பீடு குறைவு. விட்டுப் போனதும் அவர்களில்தான் அதிகம். எந்த வேலைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பயோடேட்டாவோடு கூடவே வருவதில்லை. ஆள் கடன் வாங்கும் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். புதியவருக்குப் பக்கத்து லைன் சூப்பர்வைசர் முதல் மாதமே நல்ல டெய்லரை அனுப்பிவைப்பாரா?

பனியன் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியிலிருந்து வரும் சூப்பர்வைசர் பல நேரம் தனியாக வருவதில்லை. தனக்குப் பழகிய பத்து டெய்லர்களோடு வருவார். ஆள் பஞ்சத்தில் முதலாளிக்கு அது பெரிய ஆசை. அவர் போகும்போது அந்தப் பத்துப் பேரும் போய்விடுவார்கள் என்பது கணக்கில் வருவதில்லை.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். சாதாரண டி-ஷர்ட் ஒன்றைத் தைக்க எல்லா வேலையும் சேர்த்து 8 நிமிடம் என்று வைப்போம். லைனில் 25 பேர், 8 மணி நேரம். மொத்தம் 12,000 நிமிடம். நூறு சதவீதத் திறனில் ஓடினால் 1,500 பீஸ் வரவேண்டும். பாதித் திறனில் ஓடும் லைனில் 750 வரும். புதியவர் பழகும்வரை திறன் ஐந்து புள்ளி இறங்கினால் ஒரு நாளைக்கு 75 பீஸ் குறையும். 26 வேலை நாளில் 1,950 பீஸ். உள்ளாளை உயர்த்தினாலும் செலவு இல்லாமல் இல்லை: அவர் இருந்த ஓவர்லாக் மெஷின் காலியாகிறது, அங்கே பண்டில் தேங்குகிறது. எனவே அந்த மெஷினுக்கு ஆள் தயாராகாமல் பதவி உயர்வை அறிவிப்பது அவசரம்.

இந்த லைன் இத்தனை நாளும் அதே டி-ஷர்ட்டை ஓரளவு ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தது என்றால் உள்ளாளைத்தான் போட வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிற லைனுக்குத் தேவை ஆட்களைத் தெரிந்த ஆள். மாறாக, கம்பெனி இழுபடும் விளையாட்டுத் துணிக்கு மாறுகிறது, அந்தத் துணியில் தையல் அலையடிக்கிறது, ஆல்டர் மலைபோல் வருகிறது, காரணம் சொல்ல உள்ளே ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் வெளியாளுக்குச் செலவழிக்கலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வருஷ அனுபவம்?" என்பதல்ல. கெட்டுப்போன நாலு பீஸைக் கையில் கொடுத்து, எந்த மெஷினில் என்ன தப்பு என்று கேட்கலாம். தெரிந்தவர் பீஸை இழுத்துப் பார்ப்பார், நூல் டென்ஷனையும் ஊசி நம்பரையும் பற்றிப் பேசுவார். தெரியாதவர் டெய்லரைக் குறை சொல்வார்.

உள்ளாளுக்கு ஒரு ஸ்டைல் முடியும்வரை, மூன்று நான்கு வாரம், பொறுப்பு சூப்பர்வைசர் வேலை கொடுத்துப் பார்க்கலாம். அந்த நாட்களில் மொத்த பீஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பழைய சூப்பர்வைசர் விட்டுப் போன ஒழுங்கிலேயே லைன் கொஞ்ச நாள் ஓடும். மூன்று பேர் வராத திங்கட்கிழமை காலையில் லைன் எத்தனை மணிக்குச் சீரானது, ஒரே தப்பு ஆல்டரில் மறுநாளும் வந்ததா, இவர் பிரச்சினை வந்ததும் மெஷினில் தானே உட்கார்ந்து தைக்கத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியமான அடையாளம். திறமையான டெய்லருக்கு அது பழக்கமான அடைக்கலம். அவர் தைக்கும் அரைமணி நேரம் மற்ற 24 பேரையும் பார்க்க ஆளில்லை.

அந்த ஆள் பெண்ணாக இருந்தால் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும். பங்களாதேஷ் ஆடைத் தொழிற்சாலைகளில் லைன் தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்களாக இருந்த காலம் உண்டு. அப்போது சூப்பர்வைசர்களிலோ இருபதில் ஒருவர்தான் பெண்ணாக இருந்தார். அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பதவியில் அமர்த்திய ஆய்வில், தொடக்கத்தில் கீழிருந்தவர்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். சில மாதங்கள் கூட வேலை செய்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. இரண்டாவது வாரத்து முணுமுணுப்பைக் கேட்டு ஒருவரை இறக்கிவிட்டால் இது தெரியாமலே போகும்.

எல்லாம் சரியாக அமைந்தும் சம்பளத்தில் கெட்டுப்போவது உண்டு. ஷிப்டுக்கு 600 ரூபாய் வாங்கும் டெய்லர் தினமும் ஒன்றரை ஷிப்ட் தைத்தால் 26 நாளில் 23,400 ரூபாய். அவரை 20,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் சூப்பர்வைசர் ஆக்கினால் பெயர் உயர்கிறது, கைக்கு வருவது குறைகிறது. ராத்திரி எட்டரை வரை நிற்பது மட்டும் மாறாது. வெளியாளுக்கு 26,000 கொடுக்கத் தயாராக இருந்த கம்பெனி, உள்ளாள் என்றதும் 20,000 என்று பேசுவதை நிறையப் பார்க்கலாம். அவர் மறுத்தால் "பொறுப்பு எடுக்கப் பயப்படுறாங்க" என்று பேச்சு வேறு வரும். ஆளைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் அவருடைய கடைசி மூன்று மாத சம்பளத்தை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.