புது கம்பெனிக்குப் போனவருக்கு முதல் மெசேஜ்

திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசர் கம்பெனி மாறினால், லேபிள், பட்டன், அட்டைப்பெட்டி சப்ளை செய்பவர்களின் காதுக்குச் செய்தி சீக்கிரமே எட்டிவிடும். அடுத்து அவருடைய வாட்ஸ்அப்பில் வாழ்த்தும் ரேட் லிஸ்ட்டும் சேர்ந்தே வந்து விழும். அந்த ரேட் லிஸ்ட் அவருக்குச் சங்கடம்தான். வேலைக்குச் சேர்ந்த வேகத்தில் பழைய சப்ளையரை உள்ளே கொண்டுவந்தால், ‘இதில் இவருக்கு எவ்வளவு கமிஷன்?’ என்ற பேச்சு கிளம்பும்.

முடிவு அவர் கையில்தான் இருக்கிறதா என்பதும் தெரியாது. வெளிநாட்டு பையர்கள் பலர், லேபிளை யாரிடம் வாங்க வேண்டும் என்று தாங்களே நாமினேட் செய்துவிடுவார்கள். அங்கே மெர்ச்சண்டைசர் ஆர்டர் போடலாம், ஆளை மாற்ற முடியாது.

ஒரு லேபிள்காரர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “வணக்கம் சார். புது இடத்துல சேர்ந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். வாஷ்கேர் லேபிள்ல இங்க் போகுதுன்னு அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து, ஒவ்வொரு லாட்டையும் துவைச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புறோம். அங்க வேலை எப்படி இருக்குன்னு நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க.”

இதில் விற்பனை எதுவும் இல்லை. இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இருப்பதால், இது பத்துப் பேருக்கு ஃபார்வர்ட் செய்த வாழ்த்து அல்ல என்பது படித்ததுமே தெரிந்துவிடும்.

பல வருடம் பேசாமல் விட்டவரிடம் போய் எப்படிப் பேசுவது என்று தயங்குபவர்கள் உண்டு. லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குத் தெம்பு தரும். குறைந்தது 3 ஆண்டுகள் தொடர்பில்லாத பழைய ஆட்களிடம் வேலை சம்பந்தமாக யோசனை கேட்கும்படி, நிர்வாகிகளிடம் அவர்கள் சொன்னார்கள். அன்றாடம் பழகுபவர்கள் சொன்னதற்கு அந்த யோசனைகள் சற்றும் குறையவில்லை. பழைய நம்பிக்கை அழியாமல் இருந்தது. இடையில் அந்த ஆட்கள் வேறு உலகத்தையும் பார்த்திருந்தார்கள்.

நம் லேபிள்காரருக்கும் அந்தப் புது உலகம்தான் தெரிய வேண்டும். பதில் வந்து சில வாரம் கழித்துப் போனில் பேசும்போது, எந்த நாட்டு பையர், எதெல்லாம் நாமினேட் ஆனது என்று கேட்கலாம். “மெயின் லேபிள் அவங்க சொல்ற இடத்துலதான். ஹேங்டேக்தான் இங்க வாங்குறோம், அதுதான் லேட்டாகுது” என்று அவரே சொன்னால் வழி திறக்கிறது. அப்போதும் ரேட்டைச் சொல்லாமல், “பர்ச்சேஸ்ல யாரைப் பார்க்கணும் சார்?” என்று கேட்பதே நல்லது. சாம்பிள் முறைப்படி அந்தப் பிரிவு வழியாகப் போனால், மெர்ச்சண்டைசர் மேல் பழி வராது.

பழைய கம்பெனியின் ரேட்டையோ ரகசியத்தையோ அவரிடம் கிளறக் கூடாது. இரண்டு முறை ‘ம்’, ‘ஓகே’ என்று மட்டும் பதில் வந்தால் அந்த சீசன் முடியும்வரை விட்டுவிடலாம். அதற்குள் பழைய கம்பெனியில் அவர் இடத்துக்கு வந்திருப்பவரை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவருக்கும் முன்பு பழகிய லேபிள்காரர் ஒருவர் இருப்பார்.