கண் உயரத்தை மறந்துவிடாதீர்கள்!

மாணவர்களே, பள்ளிக் கொடிக்கம்பத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறீர்கள். ஏற்றக்கோணம் 35°. கம்பத்தின் உயரம் என்ன?

முதலில் படம் வரையுங்கள். ‘க’ உங்கள் கண், ‘உ’ உச்சி, ‘ச’ கம்பத்தில் உங்கள் கண் மட்டம்.

```
                  உ
                / |
              /   |
            /     |
          /       |
        / 35°     |
      க-----------ச
      |   20 மீ    |
1.5 மீ |           | 1.5 மீ
      |           |
   ===================  தரை
```

35° கோணத்துக்கு எதிர்ப்பக்கம் உ–ச. அடுத்துள்ள பக்கம் க–ச. இவ்விரண்டையும் இணைக்கும் விகிதம் tan.

tan 35° = உ–ச ÷ 20
உ–ச = 20 × 0.70 = 14 மீ

பலர் இதையே விடையாக எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். படத்தைப் பாருங்கள்: ‘ச’ தரையில் இல்லை. கண் உயரம் 1.5 மீட்டரையும் கூட்டினால்தான் கம்பத்தின் முழு உயரம் கிடைக்கும்: 15.5 மீட்டர்.

கேள்வியில் கோணம் தரையிலிருந்து அளக்கப்பட்டிருந்தால், எதையும் கூட்ட வேண்டாம்.