களிக்கு மாறினால் வயிறு ஏன் உப்புகிறது?

ஓசூரைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜுவாடி. சோதனைச் சாவடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட் தொழிற்சாலைகளை நம்பித் தஞ்சை, திருவாரூர், ராமநாதபுரம் பக்கமிருந்து இங்கு குடிவந்த நம் குடும்பங்கள் நிறைய. மூன்று வேளையும் அரிசியில் வளர்ந்தவர்கள் வந்து சேர்ந்திருப்பதோ ராகி விளையும் மண். கிருஷ்ணகிரி, தருமபுரி கிராமங்களில் களி உருண்டையும் கொள்ளுச் சாறும் இன்றும் அன்றாட உணவு.

வந்த சில வருடங்களில் வீட்டில் யாருக்காவது சர்க்கரை என்று தெரிய வரும். அல்லது மலச்சிக்கல் தீராத தொல்லையாகிவிடும். உடனே “நாளையிலிருந்து சோறு கிடையாது, ராகிக் களிதான், சாயங்காலம் சுண்டல்” என்று வீட்டில் முடிவாகிவிடும். மூன்றாம் நாளே வயிறு கல் மாதிரி உப்பும், சுருட்டிப் பிடித்து வலிக்கும், போக வேண்டியதும் சரியாகப் போகாது. “ராகி நமக்கு ஒத்துக்கொள்ளாது” என்று மாவு டப்பாவை மேலே ஏற்றிவிடுவோம். பெரும்பாலான வீடுகளில் தப்பு ராகியில் இல்லை, அதைச் சாப்பிட்ட வேகத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம்தான், மைதாவிலும் அவ்வளவே. ராகியில் 11, முழுப் பச்சைப்பயறில் 17, முழுக் கொண்டைக்கடலையில் 25. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி, கேன்டீனில் இரண்டு பரோட்டா, கொஞ்சம் துவரம்பருப்பு, ஒரு கூட்டு என்று சாப்பிடும் ஒரு சகோதரரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மொத்தம் 18 கிராம் நார்ச்சத்து சேரும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கூட்ட வேண்டும் என்பது சரிதான். ஆனால் அவர் ஒரே நாளில் 200 கிராம் அரிசியை ராகியாக மாற்றி, கூடவே 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டலும் சாப்பிட்டால் 18 என்பது ஏறக்குறைய 47 ஆகிவிடும். ஒரே நாளில் இரண்டரை மடங்கு!

நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்க வைத்து உண்ணும்போது வாயு உண்டாகிறது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை, எனவே அவையும் முழுதாகப் பெருங்குடலுக்கே போகின்றன. மதியம் சாப்பிட்ட சுண்டல் சாயங்கால ஷிப்டில் வேலை வாங்குவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், தினமும் கொஞ்சமாகக் கொடுத்துவந்தால் சில வாரங்களில் குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் அதற்குப் பழகி, தொல்லை குறைந்துவிடும். இங்குள்ள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை சிறு வயதிலிருந்தே பழகியது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

ஆகவே அதே சகோதரர் இப்படித் தொடங்கட்டும். முதல் இரண்டு வாரம் காலை உணவில் மட்டும் 50 கிராம் அரிசிக்குப் பதில் 50 கிராம் ராகி. தோசையோ கூழோ சிறு களி உருண்டையோ, எதுவாகவும் இருக்கலாம். இதனால் கூடுவது 4 கிராம்தான். வயிறு அமைதியாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் 30 கிராம் முழுப் பச்சைப்பயறு, அதாவது ஒரு சிறு கைப்பிடி. அது 5 கிராம் கூட்டும். ஐந்தாம் வாரத்தில் இரவுக்கு இன்னொரு 50 கிராம் ராகி. ஆறாம் வார முடிவில் 31 கிராமை எட்டிவிடுவார். கொண்டைக்கடலையையும் கொள்ளையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தால்ச்சா விருந்துக்குப் போகும் நாளில் கடலைப்பருப்பே போதுமான வேலை செய்யும், அன்று சுண்டல் வேண்டாம்.

பயறை இரவே ஊறப்போட்டு, எட்டு மணி நேரமாவது ஊறியபின் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஆனால் முளைகட்டியதையும் வேகவைத்தே சாப்பிடுங்கள். ராகியைப் பொறுத்தவரை, அதன் தோல் மாவுப்பகுதியோடு ஒட்டியே இருப்பதால் முழுதாக அரைப்பதுதான் வழக்கம். மில்லில் அரைத்த மாவை வீட்டில் மெல்லிய சல்லடையில் சலித்துத் தோலைக் கொட்டிவிட்டால், கூட்ட நினைத்த நார்ச்சத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போகும்.

தண்ணீர் இல்லாவிட்டால் இவ்வளவு செய்தும் பலனில்லை. நார்ச்சத்து நீரை இழுத்து வைத்துக்கொள்வதால்தான் மலம் இளகுகிறது. நீர் போதாதபோது அதே நார் மலத்தை இறுக்கிவிடும். ஓசூரின் குளிரில் தாகமே தெரியாது. அசெம்பிளி லைனில் நிற்பவர் கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீரையும் குறைப்பார், வந்த உணர்வையும் அடக்குவார். இரண்டுமே மலச்சிக்கலுக்கு வழி. வேலைக்குக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர், ஒவ்வொரு உணவோடும் ஒரு டம்ளர், ஷிப்டில் ஒரு லிட்டர் பாட்டில் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

எங்கே பிசகுகிறது என்பதை உடலே காட்டிக்கொடுக்கும். வாயுவும் சுருட்டு வலியும் இருந்து மலம் இளகிப் போனால் வேகம் அதிகம். ஒரு படி பின்னே போய் ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். வயிறு உப்பி, மலமும் கெட்டியாக இருந்தால் முதலில் தண்ணீரைக் கூட்டுங்கள், நாரைக் கூட்டாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் மாத்திரையாலேயே வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வாந்தியோடு வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் இருத்தல் ஆகியவை கைவைத்தியத்துக்குரியவை அல்ல. கடைசியாகச் சொன்னது குடல் அடைப்பாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரக நோயுள்ளவர்கள் பயறையும் தண்ணீரையும் தாமாகக் கூட்டக் கூடாது, மருத்துவர் சொன்ன அளவே அவர்களுக்கு அளவு. சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராகியிலும் அரிசிக்குச் சற்றே குறைவாக மாவுச்சத்து இருக்கிறது. “ராகிதானே” என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இந்த மாற்றத்தை ரமளானில் தொடங்க வேண்டாம். பகல் முழுதும் தண்ணீர் இல்லாத நாட்களில் நாரை மட்டும் கூட்டினால் மலம் இறுகும். ஆறு வாரக் கணக்கை வைத்து ரஜபிலேயே ஆரம்பித்தால் நோன்புக்கு வயிறு பழகியிருக்கும். நோன்பு நாட்களில் எட்டிய அளவிலேயே நின்றுகொண்டு, நோன்புக் கஞ்சியில் ஒரு கைப்பிடி ஊறவைத்த முழுப் பச்சைப்பயறைச் சேர்க்கலாம், அன்று வேறு பயறு வேண்டாம். இஃப்தாரிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சஹர் முடியும் நேரத்தில் ஒரே மூச்சாகக் குடிக்கும் நான்கு டம்ளர் சிறுநீராகப் போய்விடும், குடலுக்கு அதிகம் மிஞ்சாது.