மதுரையில் வேட்டி ஏன் விற்கவில்லை?

மதுரை, கோவை, சேலம் என்று மூன்று ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மொத்த விற்பனை 150 லட்சம் ரூபாய். தீபாவளியை உள்ளடக்கிய அடுத்த மூன்று மாதங்களில் அது 230 லட்சம். முதலாளிக்கு ஏக திருப்தி. ஆனால் அந்த 230-க்குள் ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கும் வழிக்குத்தான் கணினி உலகில் ‘ஓலாப்’ என்று பெயர். 1993-இல் இந்தப் பெயரைப் பரப்பியவர் எட்கர் காட். இன்றைய தரவுத்தளங்களுக்கு அடித்தளமான ‘ரிலேஷனல்’ முறையை வகுத்தவரும் அவரே.

கடையின் ஒவ்வொரு விற்பனைக்கும் மூன்று விவரங்கள் உண்டு: எந்த ஊரில், எந்தச் சரக்கு, எப்போது. நீளத்தில் ஊர், அகலத்தில் சரக்கு, உயரத்தில் காலம் என்று அடுக்கினால் ஒரு கனசதுரம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு விற்பனைத் தொகை இருக்கும். இதுதான் டேட்டா கியூப். நிஜத்தில் விலைப்பிரிவு, விற்பனையாளர் என்று பக்கங்கள் கூடிக்கொண்டே போகலாம். மூன்றுக்கு மேல் போனாலும் கனசதுரம் என்ற பெயர் மாறுவதில்லை.

முதலாளி பார்த்த 230 லட்சம் ‘ரோல்-அப்’ செய்து கிடைத்தது. தினசரி விற்பனையை மாதமாகவும், மாதங்களைக் காலாண்டாகவும் கூட்டி, ஊர்களையும் சரக்குகளையும் ஒன்றாகச் சேர்த்தால் இப்படி ஒற்றை எண் வந்து நிற்கும். ஒவ்வொரு படி ஏறும்போதும் விவரம் குறையும்.

அதே படியில் கீழே இறங்குவது ‘டிரில்-டவுன்’. மொத்தத்தை ஊர்வாரியாகப் பிரித்தால் மதுரை 50-லிருந்து 75, கோவை 60-லிருந்து 95, சேலம் 40-லிருந்து 60. மூன்றும் ஏறுமுகம்தான். இங்கேயே நிறுத்தியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

அடுத்து வேட்டியை மட்டும் பார்க்கலாம். சரக்கு என்ற பக்கத்தில் ஒரே ஒரு மதிப்பைப் பிடித்துக்கொண்டால், கனசதுரத்திலிருந்து ஒரு தகடு தனியாக வரும், வாழைக்காயிலிருந்து ஒரு வில்லை சீவியதுபோல. இதுதான் ‘ஸ்லைஸ்’. அந்தத் தகட்டில் கோவை 15-லிருந்து 26 ஆகவும், சேலம் 10-லிருந்து 19 ஆகவும் உயர்ந்திருக்கின்றன. மதுரையோ 18-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது. தீபாவளிச் சமயத்தில்!

மறுபடி ஒரு டிரில்-டவுன், இந்த முறை மாதத்துக்கு. மதுரை வேட்டி விற்பனை அக்டோபரில் 9 லட்சம், நவம்பரில் 1, டிசம்பரில் 2. நம் உதாரணத்தில் தீபாவளி நவம்பரில்.

கடைக்கே கூட்டம் வரவில்லையா, அல்லது வேட்டி வாங்க ஆள் இல்லையா? இதற்கு ‘டைஸ்’ உதவும். ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் வேண்டிய மதிப்புகளை மட்டும் தேர்ந்து, பெரிய கனசதுரத்திலிருந்து சின்னக் கனசதுரம் ஒன்றை வெட்டியெடுப்பது அது. மதுரை, சேலம், வேட்டி, குழந்தைகள் உடை, அக்டோபர், நவம்பர். மொத்தம் எட்டே அறைகள். மதுரையில் குழந்தைகள் உடை 10-லிருந்து 14 ஆகியிருக்கிறது. ஆகவே கூட்டம் வந்திருக்கிறது. சேலத்தில் வேட்டி 6-லிருந்து 10 ஆகியிருக்கிறது. ஆகவே வேட்டிக்குக் கிராக்கி இருந்திருக்கிறது. சேலத்தில் குழந்தைகள் உடையும் 7-லிருந்து 9. இறங்கிய ஜோடி ஒன்றே ஒன்று: மதுரையின் வேட்டி.

கனசதுரம் இடத்தைக் காட்டிவிட்டது. காரணத்தை அது சொல்லாது. அதற்குக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் மதுரையில் வேட்டி ஏறக்குறைய தீர்ந்துபோய், புதுச் சரக்கு டிசம்பரில்தான் வந்தது என்று அதில் இருந்தால், வழக்கு முடிந்தது.

இந்த முறையில் சறுக்கும் இடங்களும் உண்டு. கனசதுரத்தில் மாத மொத்தத்தை மட்டும் சேமித்திருந்தால், எந்த நாளில் விற்பனை நின்றது என்று அதற்குள் இறங்கிப் பார்க்க முடியாது. அதைவிட ஏமாற்றக்கூடியது சராசரி. ஒரு கிளையில் 100 பில், சராசரி 2,000 ரூபாய். இன்னொன்றில் 400 பில், சராசரி 1,000 ரூபாய். இரண்டு சராசரிகளையும் சேர்த்து மறுபடி சராசரி எடுத்தால் 1,500 வரும். உண்மையில் 500 பில்லுக்கு 6 லட்சம் ரூபாய், சராசரி 1,200. அதனால் கனசதுரத்தில் சராசரியை வைக்காமல், தொகையையும் பில் எண்ணிக்கையையும் தனித்தனியே வைத்து, மேலே ஏறிய பிறகே வகுக்க வேண்டும்.

இதைப் பழகிப் பார்க்கத் தனி மென்பொருள் தேவையில்லை. எக்செல்லின் பிவட் டேபிளில் கூட்டல் குறியை அழுத்தினால் டிரில்-டவுன்; கழித்தல் குறியை அழுத்தினால் ரோல்-அப். ஸ்லைஸுக்கும் டைஸுக்கும் அதிலுள்ள ‘ஸ்லைசர்’ பொத்தான்கள் போதும்.