நூறு மணித்தியாலக் கணக்கு: இறைப்பு மிசினுக்கு எந்த எரிபொருள், எந்த ஒயில்?



ஊரில் தோட்டம் செய்கிற உறவுக்கு நீர் இறைக்கும் மிசின் வாங்கக் காசு அனுப்பாத குடும்பம் நம்மிடையே குறைவு. அனுப்பி இரண்டு வருடம் போகமுன் ரெலிபோன் வரும். "மிசின் இறுகிப் போச்சு. ரிங் மாத்த வேணுமாம். புதிசு வாங்கிறது நல்லம் எண்டு மெக்கானிக் சொல்லுறார்." ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திறனாங்கள். புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு" என்பார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யல்ல. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது பாதி வாசகம். நம்மூரில் பலர் வைத்திருக்கும் இரண்டு அங்குல ஹொண்டா டபிள்யூ.பி. 20 ரகத்தை எடுத்துக்கொள்வோம். புது மிசின் என்றால் முதல் ஒயிலை ஒரு மாதத்தில் அல்லது 20 மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும். அதன் பிறகு ஆறு மாதம் அல்லது 100 மணித்தியாலம். இந்த இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் தவணை. கணக்காளர் பாஷையில் சொன்னால், ஆறு மாதம் என்பது கடைசித் திகதி. உண்மையான கடன் மணித்தியாலத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், சின்ன வெங்காயம். மூன்று நாளுக்கு ஒரு தடவை இறைப்பு, ஒரு இறைப்புக்கு நாலு மணித்தியாலம், பயிர் 70 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 இறைப்பு, நாலால் பெருக்கினால் 92 மணித்தியாலம். ஆக, ஒரு வெங்காயப் போகம் முடியும்போது ஒரு ஒயிலின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் பார்த்திருந்தால் அதற்குள் இரண்டு போகம், 184 மணித்தியாலம், ஒரே ஒயிலில் ஓடியிருக்கும். புது மிசினின் முதல் ஒயிலுக்கு மாதமே தேவையில்லை. ஐந்தாவது இறைப்போடு 20 மணித்தியாலம் வந்துவிடும். அது ஏறக்குறைய இரண்டு கிழமை. அந்த முதல் ஒயிலைத் தவறவிடக் கூடாது. புது எஞ்சினின் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது உதிரும் துகளெல்லாம் அதில்தான் மிதக்கும்.

"காருக்கு ஆயிரக்கணக்கான மைல் ஓடியபின்தானே மாற்றுகிறோம்?" என்று இங்குள்ள பிள்ளைகள் கேட்பார்கள். நூறு மணித்தியாலம் காரை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால் 6,000 கிலோமீற்றர் வருகிறது. அப்படிப் பார்த்தால் மிசினின் தவணை அவ்வளவு குறுகியதல்ல. அத்தோடு காரில் நாலைந்து லீற்றர் ஒயில், ஒரு ஒயில் பம்ப், ஒரு ஒயில் பில்டர் உண்டு. இந்தச் சிறிய மிசினில் அரை லீற்றருக்குச் சற்று மேல், சுமார் 0.6 லீற்றர் ஒயில்தான். பில்டர் கிடையாது. ஒயில் பம்பும் கிடையாது. கொனெக்ரிங் றொட்டின் அடியில் கரண்டி போன்ற ஒரு நாக்கு இருக்கிறது. அது சுழலும்போது ஒயிலை வாரி மேலே இறைக்கிறது. சேர்ந்த அழுக்கு மாற்றும் நாள்வரை உள்ளேயே கிடக்கும். போதாததற்கு மிசின் நாலு மணித்தியாலமும் முழு வேகத்தில், வெயிலில், காற்றால் மட்டும் குளிர்ந்தபடி ஓடுகிறது.

அந்தக் கரண்டி காரணமாகவே மிசினைச் சமதரையில் வைக்க வேண்டும். கிணற்றுக்கட்டில் கல்லை முண்டு கொடுத்துச் சரிவாக வைத்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், கரண்டிக்கு எட்டாது. அளவு பார்ப்பதும் சமதரையில்தான். மூடியோடு இருக்கும் அளவுகோலைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஒயில் குறைந்தால் தானாக நிற்கும் வசதி சில மிசின்களில் உண்டு. மலிவுப் பிரதிகள் பலவற்றில் அது இல்லை.

இனி எரிபொருள். இதில் நம் ஊருக்கென்று ஒரு வரலாறு உண்டு. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கண்ணில் காணாத பொருளாயிற்று. மோட்டார் சைக்கிளும் இறைப்பு மிசினும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்போது வேறு வழியில்லை. தடை போனபின்னும் பழக்கம் போகவில்லை, ஏனெனில் அரசு மண்ணெண்ணெயை மானிய விலையில் கொடுத்து வந்தது.

மண்ணெண்ணெய் என்ன செய்கிறது? அது பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலக்கிறது. ஒயில் நீர்த்துப் போகிறது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஊற்றாமலே அளவு கூடியிருக்கும், அளவுகோலை முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கும், விரலில் தொட்டால் வழுவழுப்பில்லாமல் தண்ணியாக ஓடும். அப்படியிருந்தால் மணித்தியாலம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே மாற்ற வேண்டும். ஒயில் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுபவர்களும் உண்டு!

இன்னொன்று, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சினின் அழுத்தத்தை அது தாங்காமல் முந்தி வெடிக்கும். பாரம் ஏறும்போது டக் டக் என்று தட்டும் சத்தம் அதுதான். பிஸ்ரன் பழுதாவது இப்படித்தான். மண்ணெண்ணெய்க்கென்று செய்த மிசின்களில் அழுத்தம் குறைவாக வைத்திருப்பார்கள், பெற்றோலுக்குத் தனியாக ஒரு சின்னத் தாங்கியும் இருக்கும். அவற்றில் பெற்றோலில் தொடங்கி, எஞ்சின் நன்றாகச் சுட்டபின் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் மறுபடி பெற்றோலில் ஓடவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது. அடுத்த நாள் உதைக்கும் சிரமமும் இல்லை. இப்படிப்பட்ட மிசினுக்கு நான் சொல்லும் ஒயில் தவணை பாதி, 50 மணித்தியாலம். அதன் புத்தகம் அதைவிடக் குறைத்துச் சொன்னால் புத்தகத்தைக் கேளுங்கள்.

மண்ணெண்ணெய் இன்னும் லாபமா? 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியது. அப்போது 92 ஒக்ரேன் பெற்றோல் 450 ரூபா. அந்த விலையில் ஒரு கணக்குப் போடுவோம். பெற்றோல் மிசின் மணிக்கு ஒரு லீற்றர் குடித்தால் 100 மணித்தியாலத்துக்கு 45,000 ரூபா. மண்ணெண்ணெய் மிசினுக்கு வலு குறைவு. அதே தோட்டத்தை நனைக்க 110 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பழைய விலையில் 9,570 ரூபா, புதிய விலையில் 37,400 ரூபா. முன்பு 35,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். விலை ஏறியபின் 7,600 ரூபா. அதிலிருந்து மேலதிகமாக ஒரு ஒயில் மாற்றம், தொடங்கவும் நிறுத்தவும் பெற்றோல், கரி பிடித்த பிளக், தலையைக் கழற்றிக் கரி சுரண்டும் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், அன்றன்றைய விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் மிசின் ஏற்கனவே இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்கக் காசு அனுப்புகிறவர்கள் பெற்றோல் மிசினுக்கே அனுப்பலாம் என்பது என் எண்ணம்.

பெற்றோலில் ஊரின் 92 போதும். 95 போடுவது இந்த எஞ்சினுக்குக் காசை வாய்க்காலில் விடுவது போல. இங்கே நியூ ஜெர்சியில் பம்பில் 87 என்று கண்டு பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு பரிசோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள்; இங்கத்தைய 87ம் அங்கத்தைய 92ம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒயிலுக்கு வருவோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயிலாக இருக்க வேண்டும். பெற்றோலோடு கலக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஒயிலை இதற்குள் ஊற்றவே கூடாது. ரின்னில் ஏ.பி.ஐ. வகுப்பு எஸ்.ஜே. அல்லது அதற்குப் பிந்திய எழுத்து இருக்கட்டும். தடிப்பு, யாழ்ப்பாணத்து வெயிலுக்கு எஸ்.ஏ.இ. 30. நியூ ஜெர்சியின் குளிர்ந்த வசந்தகாலக் காலைகளுக்கு 10 டபிள்யூ 30. 10 டபிள்யூ 30 ஊரிலும் ஓடும், ஆனால் கடும் வெயிலில் ஒயில் கூடுதலாகச் செலவாகலாம். அதனால் அளவை ஒவ்வொரு இறைப்புக்கு முன்னும் பார்க்க வேண்டும். செலவு என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 மணித்தியாலத்தில் 100 லீற்றர் பெற்றோல் எரிகிறது, ஒயில் 0.6 லீற்றர். ஒயில் பெற்றோலைப்போல் நாலு மடங்கு விலை என்றாலும் அது 2.4 லீற்றர் பெற்றோலின் காசு.

மணித்தியாலத்தை எப்படி எண்ணுவது? இந்த மிசினின் தாங்கி இரண்டு லீற்றர். ஒரு தாங்கி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். நிரப்பும் ஒவ்வொரு தடவையும் மிசின் கொட்டில் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு. பத்துக் கோட்டில் புது மிசினின் முதல் ஒயில், அதன்பின் ஐம்பது கோட்டுக்கு ஒரு மாற்றம். மண்ணெண்ணெய் என்றால் இருபத்தைந்து கோடு. பெற்றோல் வாங்கிய சிட்டைகளைக் கூட்டினால் கோடு சரியா என்று தணிக்கையும் செய்துகொள்ளலாம். இங்கிருந்து ஏதாவது அனுப்ப விரும்புகிறவர்கள் சின்ன மணிமானி ஒன்றை வாங்கி அனுப்பலாம். அதன் வயரைப் பிளக் வயரின்மேல் நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் எஞ்சின் ஓடும் நேரத்தை மட்டும் அது எண்ணும்.

இங்கே தோட்டத்துக்கும் நிலவறை வெள்ளத்துக்கும் மிசின் வைத்திருப்போர் நிலை மறுபக்கம். வருடத்தில் பத்து மணித்தியாலம்கூட ஓடாது. ஆகவே இங்கு ஆறு மாதம்தான் முந்தும். இங்கத்தையப் பெற்றோலில் பத்து வீதம் எதனோல் உண்டு. அது தண்ணீரை ஈர்க்கும், நாள்பட்டால் காபரேற்றர் அடைக்கும். பனிக்காலத்துக்கு முன் தாங்கியை வடித்து, எரிபொருள் குழாயைப் பூட்டி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பதினைந்து வீத எதனோல் சிறு எஞ்சினுக்கு அனுமதியில்லை.

ஒயிலை எஞ்சின் சுட்டபடி இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வடிப்பதைத் தட்டில் பிடித்து மூடிய கலனில் வையுங்கள். கிணற்றடியில் ஊற்ற வேண்டாமென்று ஊருக்குச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேரும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்தது. ஊரில் கராஜ்காரரிடம் கொடுக்கலாம். இங்கே ஒயில் விற்கும் வாகன உதிரிப்பாகக் கடைகள் பல பழைய ஒயிலைக் காசில்லாமல் எடுத்துக்கொள்கின்றன.