ஒரு வாடகை, இரண்டு நிறுவனங்கள்

ஒரே அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்கள் இயங்கினாலும் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றின் பெயரில்தான் இருக்கும். கட்டட உரிமையாளர் அதற்குத்தான் பில் போடுவார். அந்த நிறுவனம் முழு வாடகையையும் கட்டிவிட்டு, உடனிருக்கும் நிறுவனத்தின் பங்கை வசூலிக்க அனுப்புவதே செலவுப் பகிர்வு இன்வாய்ஸ். இடத்தை இப்படிப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வாடகை இடத்துக்குத் தரப்படுவது. ஆகவே அதைப் பரப்பளவுப்படி பிரிப்பதே பொருத்தம். ஆட்களின் எண்ணிக்கை மாதாமாதம் மாறும். தேநீர், குடிநீர் போன்ற செலவுகளுக்கு வேண்டுமானால் அது சரிப்படும்.

சென்னையில் 2,000 சதுர அடி அலுவலகம் ஒன்றின் மாத வாடகை 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். ஒப்பந்ததாரர் 900 சதுர அடியையும், உடனிருப்பவர் 600 சதுர அடியையும் தனியாகப் பயன்படுத்துகிறார்கள். வரவேற்பறை, கூட்ட அறை, நடைவழி ஆகிய மீதி 500 சதுர அடி இருவருக்கும் பொது. சிக்கல் இந்தப் பொது இடத்தில்தான் வருகிறது. 600-ஐ 2,000-ஆல் வகுத்தால் பங்கு 30 சதவீதம், அதாவது 36,000 ரூபாய். அப்படிச் செய்தால் பொது இடத்தின் வாடகை முழுவதும் ஒப்பந்ததாரர் தலையில் விழும். தனி இடங்களை மட்டும் ஒப்பிட்டால் விகிதம் 60:40. பொது இடமும் அதே விகிதத்தில் பிரியும். உடனிருப்பவரின் பங்கு 48,000 ரூபாய். கூட்ட அறையை ஒருவரே மிகுதியாகப் பயன்படுத்தினால் அதற்கு மட்டும் வேறு விகிதம் பேசிக்கொள்ளலாம். ஆனால் அதை எழுத்தில் வைப்பது நல்லது.

அடுத்தது ஜி.எஸ்.டி. உரிமையாளரின் பில்லில் 18 சதவீத வரியாக 21,600 ரூபாய் சேர்ந்து, மொத்தம் 1,41,600 ஆகிறது. ஒப்பந்ததாரர் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டால் அது அவருக்குச் செலவே அல்ல. எனவே வரி நீங்கிய 1,20,000-ஐத்தான் பிரிக்க வேண்டும்: பங்கு 48,000, வரி 8,640, மொத்தம் 56,640 ரூபாய். மொத்தத் தொகையான 1,41,600-இல் 40 சதவீதம் எடுத்து, அதன்மேல் மறுபடியும் 18 சதவீதம் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது பில் 66,835 ரூபாயாக ஏறிவிடும். வரி நீங்கலான தொகை 48,000-க்கு மேல் இருந்தாலே தவறு தெரிந்துவிடும்.

ஒப்பந்ததாரர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரானால் கணக்கு மாறும். கிரெடிட் கிடைக்காததால் அவருக்கு 1,41,600-உம் செலவுதான். அதில் 40 சதவீதம் அதே 56,640. ஆனால் அவர் வரி என்று தனியாகக் காட்ட முடியாது, உடனிருப்பவருக்கும் கிரெடிட் கிடைக்காது.

இன்வாய்ஸில் எந்த மாதத்துக்கான வாடகை, உரிமையாளர் பில்லின் எண்ணும் தேதியும், மொத்த வாடகை, இருவரின் பரப்பளவு, விகிதம் ஆகியவை இருந்தால் பெறுபவர் தானே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். உரிமையாளரிடம் கட்டிய முன்பணம் திரும்பி வரக்கூடியது. அதை மாதச் செலவில் சேர்க்கக் கூடாது. இடைமாதத்தில் இடம் கூடினாலோ குறைந்தாலோ, அந்த மாதத்தை நாள் கணக்கில் இரண்டாகப் பிரித்து இரு விகிதங்களையும் இரு வரிகளில் காட்டுவதே முறை.