கைப்பேசிக்கு ஓர் இடம்

‘இரவில் கைப்பேசியைத் தொடேன்’ என உறுதி பூணுவோர் பலர்; சில நாள்களிலேயே அவ்வுறுதி தளர்ந்துவிடுகிறது. கருவி தலையணை அருகே இருக்கையில் மனத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. வாரம் ஒரு மாற்றமாகச் சூழலை மாற்றுவதே எளிது.

முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டா. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்னும் பகுதி, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று காட்டும். அதனை நாள்தோறும் நாட்காட்டியில் குறித்து வருக. நாளொன்றுக்கு 4 மணி நேரம், அதில் 2 மணி நேரம் படுக்கையில் காணொளி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் வாரம் வாட்ஸ்அப் குழுக்களின் ஒலியை மட்டும் நிறுத்துக. குடும்பத்தாரின் அழைப்பு ஒலிக்கட்டும். மூன்றாம் வாரம் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுக. உடன் ஓர் அலாரக் கடிகாரமும் வேண்டும். இல்லையேல் அலாரத்தின் பெயரால் கைப்பேசி படுக்கைக்குத் திரும்பிவிடும். நான்காம் வாரம் யூடியூபுக்கு 1 மணி நேர வரம்பு வைத்தால், நேரம் முடிந்ததும் செயலி அன்றைக்கு நின்றுவிடும்.

தனித்து வாழ்வோரும் இரவில் உதவி தேவைப்படுவோரும், அழைப்புக்கு மட்டும் உதவும் பட்டன் கைப்பேசி ஒன்றைக் கட்டிலருகே வைத்துக்கொள்வது அவசியம்.

நாட்காட்டிக் குறிப்பில் நேரம் மீண்டும் ஏறினால், முந்தைய வாரத்தின் படியில் இன்னும் ஒரு வாரம் நிற்க. குறைந்த நேரம் தொலைக்காட்சிக்குப் போகிறதா என்பதையும் பார்க்க. கைப்பேசி இருந்த இடத்தில் பாராயண நூலை வைத்தால், கை தானே அதனை நாடும்.